வந்த வரிசையிலேயே வரையுங்கள்: பைனரி சர்ச் ட்ரீ

கேள்வித்தாளில் இப்படி வரும்: 42, 17, 63, 29, 8, 55, 71, 35, 50 ஆகிய எண்களை இதே வரிசையில் செருகி பைனரி சர்ச் ட்ரீ வரைக.

பேனாவை எடுத்ததும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கத் தோன்றும். வேண்டாம். 8, 17, 29 என்று அடுக்கிவிட்டுச் செருகினால் ஒவ்வொரு எண்ணும் முந்தையதன் வலப்பக்கம் தொங்கும். கிளையே இல்லாமல் ஒன்பது நிலைக்கு நீளும் சங்கிலிதான் கிடைக்கும். கேட்ட மரம் அது இல்லை.

முதல் எண் 42. அதுதான் ரூட், கடைசிவரை அந்த இடத்திலேயே இருக்கும். 17 சிறியது, இடப்பக்கம். 63 பெரியது, வலப்பக்கம். அடுத்து 29. ரூட்டில் தொடங்குங்கள்: 42ஐவிடச் சிறியது, இடது. அங்கே 17 இருக்கிறது, அதைவிடப் பெரியது, வலது. அந்த இடம் காலி, அங்கேயே உட்கார வையுங்கள். 8, 55, 71, 35 எல்லாம் இதே மாதிரிதான். புது எண் எப்போதும் காலி இடத்தில்தான் வந்து சேரும். ஏற்கெனவே வரைந்ததை நகர்த்தவோ நடுவில் நுழைக்கவோ தேவை வராது. ரப்பரைத் தேடுகிறீர்கள் என்றால் எங்கோ தவறிவிட்டீர்கள்.

கடைசி எண் 50தான் பலரையும் கவிழ்க்கிறது. சற்றுமுன் 35ஐ வரைந்திருப்பதால் கண் அங்கேயே நிற்கும். 50 பெரியதுதானே என்று 35க்கு வலப்பக்கம் போட்டுவிடுவார்கள். அந்த இரண்டை மட்டும் பார்த்தால் சரியாகவே தெரியும். ஆனால் மேலே பாருங்கள்: 42இன் இடப்பக்கத்தில் 42ஐவிடப் பெரிய எண் நிற்கிறது! ஒரு நோடின் இடப்பக்கக் கிளை முழுவதும், எத்தனை நிலை கீழே போனாலும், அதைவிடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு எண்ணுக்கும் சலிக்காமல் ரூட்டிலிருந்தே இறங்கி வரச் சொல்கிறேன். 50 > 42, வலது. 50 < 63, இடது. 50 < 55, மறுபடி இடது. அதுதான் அதன் இடம்.

```
              42
          /        \
       17            63
      /  \          /  \
     8    29      55    71
            \    /
            35  50
```

ஒரே பிள்ளை இருந்தாலும் கோட்டைச் சாய்த்தே போடுங்கள். 35ஐ 29க்கு நேர் கீழே எழுதினால் இடமா வலமா என்று திருத்துபவருக்குத் தெரியாது. ரூட்டைத் தாளின் நடுவில் வைத்து, மேல்நிலையில் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள், கீழே நெருக்கடி வராது.

சரி, விடை சரியா என்று எப்படிப் பார்ப்பது? இன்ஆர்டரில் படியுங்கள்: இடது, நோடு, வலது. 8, 17, 29, 35, 42, 50, 55, 63, 71 என்று ஏறுவரிசை வர வேண்டும். 50ஐத் தப்பாக வைத்திருந்தால் 35, 50, 42 என்று வந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வரிசையை மாற்றிச் செருகிய மரமும் ஏறுவரிசையைத்தான் தரும், அந்தத் தவற்றை இதில் பிடிக்க முடியாது. அதனால் செருகச் செருக கேள்வித்தாளில் அந்தந்த எண்ணின் மேல் பென்சிலால் ஒரு டிக் போட்டுக்கொண்டே வாருங்கள்.