பராமரிப்புத் தொகை பாக்கி, தண்ணீர்த் தொட்டி சுத்தம்: அறிவிப்பு

காரைக்குடி, செப்டம்பர் 22

எல்லா வீட்டாருக்கும் வணக்கம்.

செப்டம்பர் மாதப் பராமரிப்புத் தொகை ரூ.1,800-க்கு 10-ஆம் தேதியே கெடு. இன்னும் 7 வீடுகள் பாக்கி. 30-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள், தாண்டினால் ரூ.100 தாமதக் கட்டணம் சேரும். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களும் கட்டத்தான் வேண்டும். லிஃப்டும் காவலாளியும் எல்லோருக்கும் பொதுதானே.

வரும் ஞாயிறு காலை 9 முதல் மதியம் 1 வரை மேல்தொட்டி, கீழ்த்தொட்டி இரண்டையும் கழுவுகிறார்கள். குழாயில் தண்ணீர் வராது. சனிக்கிழமை இரவே பிடித்து வையுங்கள். அப்புறம், முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

வாசல் கூடத்து ஆத்தங்குடிக் கல்லில் யாரும் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். வேலைக்கு வருபவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்