பி-402 தொடர்மாடி வீடு: கோரிக்கைக் கடிதங்களும் நாம் கட்டிய பணமும்

ஹட்டன்
2026 பெப்ரவரி 18

அன்புள்ள தம்பி,

கண்டி வீட்டுக்கு ஆறாவது கோரிக்கைக் கடிதம் வந்ததும் நீ பயந்துபோய் அழைத்தாய். அதில் கேட்டிருப்பது ரூபா 7,445,315.06. இரண்டு இரவு உட்கார்ந்து பைலில் உள்ள ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு பணம் நாம் தர வேண்டியதில்லை. இன்றைய தேதிக்கு ஒரு ரூபாவும் நிலுவை இல்லை. எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டுநர் அலுவலகத்தில் கொடுக்கப் போவதும் இதே கணக்குதான், அதனால் நீயும் ஒருமுறை சரிபார்.

முதலில் உடன்படிக்கையில் உள்ள தவணைகள். மொத்த விலை 28,000,000. கையெழுத்தின்போது 20 வீதம், முற்பதிவுப் பணம் 500,000 அதற்குள் அடக்கம். அத்திவாரம் முடிந்ததும் 15, மூன்றாம் மாடி ஸ்லாப் 15, ஆறாம் மாடி ஸ்லாப் 15, கூரை ஸ்லாப் 10, செங்கல் வேலையும் பூச்சும் 10, டைல்ஸும் பொருத்துகளும் 10, சாவியும் உறுதியும் தரும்போது 5.

இனி கடிதம், பணம், பற்றுச்சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

| கோரிக்கைக் கடிதம் | கேட்ட தொகை | கட்டிய நாள் | கட்டிய தொகை | கட்டியவர் | பற்றுச்சீட்டு |
|---|---|---|---|---|---|
| கடிதம் இல்லை, முற்பதிவு | 500,000 | 2024.03.09 | 500,000 | நான் | 0118 |
| 1: 2024.04.22, கையெழுத்து | 5,100,000 | 2024.05.06 | 5,100,000 | நீ | 0163 |
| 2: 2024.09.18, அத்திவாரம் | 4,200,000 | 2024.10.02 | 2,200,000 | நான் | 0247 |
| | | 2024.10.04 | 1,996,500 | நீ | 0248 |
| 3: 2025.02.17, மூன்றாம் மாடி | 4,203,500 | 2025.03.05 | 4,203,500 | நான் | 0391 |
| 4: 2025.06.30, ஆறாம் மாடி | 4,200,000 | 2025.07.18 | 4,200,000 | வங்கிக் கடன் | 0526 |
| 5: 2025.11.24, கூரை | 2,800,000 | 2026.01.02 | 2,800,000 | வங்கிக் கடன் | 0702 |
| மொத்தம் | | | 21,000,000 | | |

விலையில் சரியாக 75 வீதம் கட்டியாயிற்று. மீதி 7,000,000. அது பூச்சு, டைல்ஸ், சாவி ஆகிய மூன்று தவணைகளுக்கும் உரியது, அதோடு முடிந்தது. உன் பங்கில் சேர்ந்தது 7,096,500, என்னுடையது 6,903,500, வங்கி தந்தது 7,000,000.

இரண்டாம் கடிதத்தில் 3,500 குறைந்தது நினைவிருக்கும். நீ டோஹாவிலிருந்து 2,000,000 அனுப்பினாய், நடுவில் உள்ள வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டது. மூன்றாம் கடிதத்தில் அதைச் சேர்த்துக் கேட்டார்கள், நான் கட்டிவிட்டேன், அந்தக் கணக்கு மூடியாயிற்று. அடுத்த முறை வங்கியில் OUR என்ற தெரிவைக் கேள். கட்டணம் உன் பக்கம் போகும், இங்கே முழுத் தொகை வந்து சேரும்.

சரி, இப்போது ஆறாம் கடிதம். 2026 பெப்ரவரி 9 தேதியிட்டது. கேட்டிருக்கும் தொகையில் நான்கு துண்டுகள் உள்ளன: பூச்சுத் தவணை 2,800,000, "ஆறாம் மாடித் தவணை நிலுவை" 4,200,000, அந்த நிலுவைக்கு 203 நாள் வட்டி 420,460.27, கூரைத் தவணைக்கு 18 நாள் தாமத வட்டி 24,854.79. வட்டி ஆண்டுக்கு 18 வீதம்.

நிலுவை என்று சொல்லும் 4,200,000 எங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டேன். வங்கி அதை நேரே கட்டுநருக்குக் கட்டியதால் பற்றுச்சீட்டு 0526 வங்கிக்குத்தான் போனது, நாம் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை கடன் பிரிவு அதிகாரியிடம் கேட்டுப் பிரதி வாங்கினேன். தொகை சரி, தேதி சரி, உன் பெயரும் என் பெயரும் சரி. வீட்டு இலக்கம் மட்டும் பி-204 என்று இருக்கிறது. 402 தலைகீழாகிவிட்டது! வங்கி அனுப்பிய கட்டளைக் கடிதத்தில் பி-402 என்று தெளிவாக இருக்கிறது, அதனால் பிழை கட்டுநரின் அலுவலகத்தில் நடந்தது. பாவம், 204 ஆம் வீட்டுக்காரருக்குத் தெரியாமலே அவருடைய கணக்கில் நம் பணம் கிடக்கிறது. அந்த வரவை இடம் மாற்றினால் நிலுவையும் அதற்கான வட்டியும் ஒன்றாகப் போய்விடும். பணம் ஜூலை 18 இலேயே சேர்ந்தது, கெடு ஜூலை 21 வரை இருந்தது.

கூரைத் தவணையின் தாமத வட்டிக்கு நான் சண்டை போடுவேன். உடன்படிக்கை சொல்வது: கடிதம் பதிவுத் தபாலில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். அவர்கள் கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து எண்ணி, டிசம்பர் 15 கெடு என்கிறார்கள். அந்த உறையை நான் எறியவில்லை. முன்பக்கத்தில் கண்டி முத்திரை நவம்பர் 26. மறுநாள்தான் டித்வா புயல். ரயில் பாதை உடைந்து, வீதிகளில் மண் சரிந்து, ஹட்டன் பக்கம் எத்தனை நாள் ஒன்றும் வரவில்லை என்று உனக்கே தெரியும். உறையின் பின்பக்கத்தில் ஹட்டன் முத்திரை டிசம்பர் 18, மை கொஞ்சம் பரவியிருந்தாலும் எண் படிக்கலாம். ஆகவே கெடு ஜனவரி 8. பணம் ஜனவரி 2 இல் போய்விட்டது. அந்தக் கிழமை இங்கே எத்தனை வீடு மண்ணுக்குள் போனது! அந்த நாட்களுக்கு வட்டி கேட்பது எனக்கு மனதை உறுத்துகிறது, இருந்தாலும் அவர்களிடம் அதைச் சொல்லி வாதாடப் போவதில்லை. உறை போதும்.

மிஞ்சுவது பூச்சுத் தவணை. போன சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். நம் வீட்டில் செங்கல் வேலை முடிந்துவிட்டது. பூச்சு இரண்டு படுக்கையறையில் மட்டும்தான் ஆகியிருக்கிறது. கூடத்துச் சுவரில் இன்னும் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், குசினியில் மின்குழாய்க்கு வெட்டிய பள்ளம் அப்படியே திறந்து கிடக்கிறது. தேதி விழும்படி படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததாகக் கட்டடக்கலைஞரின் சான்றிதழ் கடிதத்தோடு வர வேண்டும். முந்தைய ஐந்து கடிதங்களில் நான்கோடு அது வந்தது, முதலாவதற்கு அது தேவையில்லை. ஆறாவதில் இல்லை. சான்றிதழ் வராமல் வங்கியும் அடுத்த தொகையை விடாது.

வெள்ளிக்கிழமை அவர்களிடம் எழுத்தில் கேட்கப் போவது இவை. 0526 ஐ ரத்துச் செய்து பி-402 என்று புதிய பற்றுச்சீட்டு தர வேண்டும். இரண்டு வட்டியையும் நீக்கி, முழுக் கணக்கின் கூற்றொன்றைத் தர வேண்டும். ஆறாம் கடிதத்தைத் திரும்பப் பெற்று, பூச்சு முடிந்த பிறகு சான்றிதழோடு 2,800,000 க்கு மட்டும் புதுக் கடிதம் அனுப்ப வேண்டும். 21 நாள் அந்தப் புதுக் கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

பற்றுச்சீட்டுகளின் மூலப்பிரதி ஒன்றையும் கையை விட்டுக் கொடுக்க மாட்டேன், நிழற்பிரதிகள்தான். என் பிரதியில் அவர்களுடைய தேதி முத்திரையும் வாங்கிக்கொள்வேன். சட்டத்தரணி அம்மாவிடம் இன்று காலை காட்டினேன், கணக்கில் அவர் மாற்றம் சொல்லவில்லை. உறையை மட்டும் தன்னிடம் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

நீ 0163, 0248 இரண்டுக்கும் உன் வங்கிக் கணக்குக் கூற்றை வியாழன் இரவுக்குள் அனுப்பு, பைலில் அவை மட்டும்தான் குறை. புதுக் கடிதம் வந்து நான் சொல்லும்வரை பணம் எதுவும் அனுப்பாதே. அலுவலகத்திலிருந்து யாராவது உனக்கே அழைத்தால், அக்காவிடம் பேசுங்கள் என்று சொல்லிவிடு.

அன்புடன்
அக்கா