கோமுவுக்கு, தபசு அன்று

கோமு,

இன்று ஆடி உத்திராடம், நம்ம சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் தபசுத் திருவிழா, உன் பிறந்தநாள். மேலே "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று போடாமல்தான் ஆரம்பிக்கிறேன், நீ எதிர்பார்த்திருப்பாய். இதற்குப் பதில் எழுத வேண்டாம். இப்போதே படிக்கவும் வேண்டாம். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு படி.

ஜூன் 1-ஆம் தேதி நம்ம பத்தாம் வகுப்பு குரூப்பில் உனக்கு வரிசையாக கேக் படம் வந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். வாத்தியார் வயசு சரிக்கட்ட எழுதிக்கொண்ட தேதி அது, வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் 1-தான் பிறந்தநாள். நீ ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாய். உண்மையான நாள் இது என்று உங்கள் வீட்டாரைத் தவிர எனக்குத்தான் தெரியும். அதனால் குரூப்பில் இன்று யாரும் எதுவும் போட மாட்டார்கள். நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் வீட்டில் பாயசம் இல்லை, உன் பேருக்கு அர்ச்சனை இல்லை, புதுச்சேலை இல்லை என்று தம்பி சொன்னான். கொடியேறியதிலிருந்து அத்தை வாசலுக்குக்கூட வரவில்லையாம், ஆடிச்சுற்றுக்கும் யாரும் போகவில்லையாம். சரிதான். பங்குனியில் மாமா போனார், இது ஆடி. இதற்குள் விளக்கைப் போட்டு கேக் வெட்டி என்ன ஆகப்போகிறது? "கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு ஏது தீட்டு, நீ கொண்டாடலாம்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தீட்டு இருக்கிறதா இல்லையா என்று யார் உன்னிடம் கேட்டார்கள்? உனக்கு மனசில்லை, அவ்வளவுதான். அதற்குமேல் காரணம் சொல்லிக்கொண்டிருக்காதே.

ஒரு வருஷத்துக்கு விசேஷம் கூடாது என்கிற வழக்கம் எனக்குச் சின்ன வயசில் அநியாயமாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஆச்சி இறந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. நான் அழுதேன். ஆனால் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கொண்டுவந்து கொடுத்ததில், எந்த வருஷத்திலும் இல்லாத அளவுக்கு முறுக்கும் அதிரசமும் அந்த வருஷம்தான் சேர்ந்தது. நாங்கள் சிரித்த முகத்தோடு யாருக்கும் தட்டை நீட்ட வேண்டியிருக்கவில்லை, வந்ததை வாங்கி வைத்தால் போதும். உனக்கும் அப்படி ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள். யார் வந்தாலும் நீ சிரிக்க வேண்டியதில்லை.

எனக்கு வருத்தம் என்னவென்றால், உன் வீடு அமைதியாக இருக்கிற நாளில் ஊரே இரைந்துகொண்டிருக்கும். தெருமுனையில் குழாய் கட்டியிருப்பார்கள், ராட்டினக்காரன் வந்திருப்பான், வாசல் வழியாகக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். வேறு யாருக்காவது பிறந்தநாளைக் கண்ணை மூடிக் கடந்துவிடலாம். தபசு அன்று சங்கரன்கோவிலில் பிறந்தவளுக்கு அதுவும் முடியாது. "என் மகளுக்கு ஊரே சேர்ந்து பிறந்தநாள் கொண்டாடுது, எனக்குச் செலவு மிச்சம்" என்று மாமா வருஷா வருஷம் சொல்வாரே, அது இன்று காலையிலிருந்து காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. செலவு மிச்சமா? அன்றைக்குப் பூ என்ன விலை விற்கும்! மார்க்கெட்டில் விலையைக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டே உனக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம், அத்தைக்கு இரண்டு முழம் வாங்கிவருவார். வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்த விலையைப் பற்றித்தான் பேச்சு.

நாம் பன்னிரண்டாவது படித்த வருஷம் தெற்கு ரத வீதியில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சுவாமி அம்மனுக்குக் காட்சி கொடுக்கிற நேரம். சுற்றிலும் பருத்தியையும் வத்தலையும் சூறை விடுகிறார்கள், வத்தல் நெடியில் நம் இரண்டு பேருக்கும் தும்மல் நிற்கவில்லை. கூட்டம் நம்மை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது, மாமா ஒரு பக்கம். அவர் டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று, தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய அந்தத் தொண்டையில், "கோமதீ!" என்று ஒரு குரல் கொடுத்தார். அந்த ஊரில், அந்த நாளில், அந்த இடத்தில்! எத்தனை கோமதிகள் திரும்பிப் பார்த்தார்கள்! ஒரு பாட்டி "என்னய்யா?" என்று பதிலே சொல்லிவிட்டாள். அவர் கொஞ்சமும் அசராமல், "என் மக கோமதி, உத்திராடத்துல பொறந்தவ" என்று அடுத்த குரல் கொடுத்தார். வெட்கத்தில் நீ என் பின்னால் ஒளிந்தாய். என் தோளில் உன் நகம் பதிந்தது.

நான் யாரிடமாவது உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்கிறேன். இங்கே கோயம்புத்தூரில் அலுவலகத்தில் கூடச் சொல்லியாயிற்று. சாவு வீட்டுப் பேச்சு மாதிரி "நல்ல மனுஷன், நல்ல மனுஷன்" என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இவ்வளவு நாள் சொல்லவில்லை. தை மாசம் நான் வந்தபோது நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "கோமு உன்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுதாளா? என்கிட்ட எதக் கேட்டாலும் 'நல்லாருக்கேன்ப்பா'ன்னுதான் சொல்லுதா" என்றார். நான் "பேசுதா மாமா" என்றேன். அது முழுசாக உண்மை இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த நாலு மாசமும் போனில் நீ "நல்லாருக்கேன்" என்றுதான் சொல்கிறாய். இறப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்று, வாரிசுச் சான்றிதழுக்குக் கொடுத்தாயிற்று, பேங்கில் பார்த்தாயிற்று என்று வேலைக் கணக்கு மட்டும் சொல்கிறாய். ஒரே ஒரு தடவை, போன மாசம், "அப்பா இல்லாம எனக்கு வயசு ஏறுறது பிடிக்கலைட்டி" என்று சொல்லிவிட்டு, உடனே குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்தாய். விசில் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

நான் அதற்குப் பதில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. "காலம் ஆற்றும்" என்று எழுதினால் நீ போனைத் தூக்கிப் போட்டுவிடுவாய், நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன். இது மட்டும் சொல்கிறேன். நீ பிறந்ததில் எனக்குச் சந்தோஷம். துக்க வீட்டில் இதைச் சொல்லலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. நீ இல்லாவிட்டால் நான் ஹாஸ்டலில் முதல் வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டேன், எங்கள் வீட்டில் என் கல்யாணப் பேச்சு முறிந்தபோது ஒரு மனுஷியாக எழுந்து நின்றிருக்க மாட்டேன். அந்த ஹாஸ்டலில் நாம் சாதாரணமாகப் பேசினாலே சண்டை என்று வார்டன் ஓடிவருவாரே! தறி வீட்டுப் பிள்ளைகளுக்குக் குரலைக் குறைக்கத் தெரியாது என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு வருஷம் ஆனது. இதெல்லாம் இன்றைக்கு நினைத்தால் தப்பில்லை. நீ சிரித்தாலும் தப்பில்லை. அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தால் வரட்டும், வீட்டு ஆட்கள் ஏதாவது நினைப்பார்கள் என்று பாத்ரூமில் போய் உட்காராதே.

அப்புறம், அத்தையைப் பற்றி. இன்று உன் நாள் என்றால் அவர்களுக்கும் நாள்தானே. மூத்தவள் நீ. உன் பிறப்புக் கதை மாமா வாயால் எனக்கு மனப்பாடம்: தபசுக் கூட்டத்தில் வண்டி போக வழியில்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது, ஆஸ்பத்திரி வாசலில் அவர் செருப்பைத் தொலைத்தது, நர்ஸ் "பொம்பளப் பிள்ளை" என்றதும் பேர் இன்னதென்று அங்கேயே முடிவானது. எல்லாமே அவர் பட்ட பாடு! வண்டிக்குள் வலியில் கிடந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை, மாமா இடம் கொடுத்ததும் இல்லை. முடிந்தால் நீ கேள். இன்றைக்கே என்றில்லை. யாராவது கேட்டால் பேசுவார்கள் என்று நினைக்கிறேன், கேட்காவிட்டால் இப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பேச ஆரம்பித்து மாமாவைத் திட்டினால் திட்டட்டும். செருப்பு விஷயத்தில் திட்ட வேண்டியதுதான்.

சின்னவன் கேக் கேட்டானாமே. அவனை அதட்டாதே. தாத்தா போனது அவனுக்கும் தெரியும், அதோடு அம்மாவுக்குப் பிறந்தநாள் என்றும் தெரியும், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவனுக்கு ஏழு வயசுதான் ஆகிறது. ராட்டினத்துக்கு என் தம்பி அவனைக் கூட்டிப் போகிறான், நாளைக்குச் சாயங்காலம் வருவான். நீ அனுப்பிவிடு. உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவன் ஏற யோசிப்பான், அதனால் "போய்ட்டு வா" என்று வாயால் சொல்லி அனுப்பு.

நான் சனிக்கிழமை வருகிறேன். ராஜபாளையம் வந்து பஸ் மாறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். சேலை, இனிப்பு எதுவும் கொண்டுவரவில்லை, பயப்படாதே. சேவு மட்டும் வாங்கிவருவேன், அது உனக்கில்லை, அத்தைக்கு, டீயோடு கொறிக்க. சமையல் நான் செய்கிறேன். புளிக்குழம்பும் அப்பளமும், அதற்குமேல் எனக்கு வராது என்பது உனக்குத் தெரியாததில்லை.

தறிக் கொட்டகை மின் இணைப்பு இன்னும் மாமா பேரில்தானே இருக்கிறது? பெயர் மாற்றத்துக்கு நீ ஒவ்வொரு ஆபீஸாக அலைய வேண்டாம், சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து காகிதங்களை ஒழுங்கு பண்ணிவிடுவோம். பழைய மின் கட்டண ரசீது, வரி ரசீது, சான்றிதழ்களின் நகல், எல்லாரின் ஆதார், இவ்வளவையும் ஒரு பையில் போட்டு வை. திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறுகிறேன்.

தாலுகா ஆபீஸ் வாரிசு விஷயம் எந்த நிலையில் இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டுவிட்டேன், நீ திரும்ப எனக்குச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை நீ என்னிடம் "நல்லாருக்கேன்" என்று மட்டும் சொல்லாதே. வேறு எது வேண்டுமானாலும் சொல், சண்டை போட்டாலும் சரி.

அத்தை ராத்திரி சாப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொள். நீயும் சாப்பிடு.

வள்ளி