புத்தக அலமாரி பொருத்தும் தாள்: உதிரிபாகப் பட்டியலும் படிகளும்

சித்தப்பா, நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருந்த பக்கத்தை முழுக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன். இதை அப்படியே பிரிண்ட் எடுத்து, மூலத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். கார்பெண்டர் அண்ணன் படத்தைப் பார்ப்பார், நீங்கள் இதைப் படியுங்கள்.

படத்தில் அம்புக்குறி முனையில் வட்டத்துக்குள் இருக்கிற எண்களை மாற்றவே இல்லை. இங்கே ④ என்றால் படத்திலும் அதே ④ தான். ⑨, ⑩ இரண்டும் மூலத்திலேயே கிடையாது. பலகைகள் ⑧-ஓடு முடிந்து, சின்னச் சாமான்கள் ⑪-இல் தொடங்குகின்றன. தாளில் இல்லாமல் நானாகச் சேர்த்த வரிக்கு முன்னால் ★ போட்டிருக்கிறேன்.

பலகைகள் (எடுத்து வைத்ததும் டிக் போடுங்கள்)

☐ ① இடது பக்கப் பலகை – 1
☐ ② வலது பக்கப் பலகை – 1
☐ ③ மேல் பலகை – 1
☐ ④ நடுவில் நிலையாக நிற்கும் தட்டு – 1
☐ ⑤ அடித்தட்டு – 1
☐ ⑥ அடித்தட்டுக்குக் கீழே முன்பக்கம் மறைக்கும் குட்டைப் பலகை – 1
☐ ⑦ உயரம் மாற்றக்கூடிய தட்டு – 3
☐ ⑧ பின் அட்டை, 3 மி.மீ. – 2

சின்னச் சாமான்கள்

☐ ⑪ மரக்குச்சி, 8 × 30 மி.மீ. – 14
☐ ⑫ கேம் போல்ட் – 14
☐ ⑬ கேம் லாக் – 14
☐ ⑭ தட்டு தாங்கும் பின் – 12
☐ ⑮ பின் அட்டைக்கான சின்ன ஆணி – 36
☐ ⑯ பிளாஸ்டிக் காலடி – 4
☐ ⑰ எல் வடிவத் தகடு – 2
☐ ⑱ குட்டை ஸ்க்ரூ – 2
☐ ⑲ பிளக்கோடு நீள ஸ்க்ரூ – 2

★ ⑬-க்கு எதிரே இருந்த எண்ணிக்கை டியூப்லைட் வெளிச்சம் பட்டு வெள்ளையடித்துப் போயிருந்தது. படம் 2-இல் ③, ④, ⑤ ஒவ்வொன்றிலும் 4, ⑥-இல் 2 என்று லாக் குழிகள் வரைந்திருக்கிறார்கள். ஆக 14. ஒரு போல்ட்டுக்கு ஒரு லாக் என்பதால் ⑫-உடனும் சரியாகப் பொருந்துகிறது. பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் இதை எண்ணிவிடுங்கள். ஒன்று குறைந்தாலும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். பாதியில் நின்றால் பலகையைக் கழற்றும்போது குழி தளர்ந்துவிடும்.

நீங்கள் தயாராக வைக்க வேண்டியவை: ஸ்டார் முனை ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், பென்சில், டேப், டிரில் மெஷின், சுவருக்கான 6 மி.மீ. பிட்.
★ தரையில் விரிக்கப் பழைய பெட்ஷீட் ஒன்றும் வேண்டும். மொசைக் தரையில் பலகையின் மூலை பட்டால் பெயர்ந்துவிடும்.

படிகள்

1. (படம் 1) ①, ② இரண்டையும் உள்பக்கம் மேலே தெரிய அருகருகே கிடத்துங்கள். இரண்டின் கீழ்முனையும் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். படத்தில் அம்பு காட்டும் துளைகளில் மட்டும் ⑫-ஐத் திருகுங்கள், ஒரு பலகைக்கு 7.
★ மொத்த வேலையிலும் தவறு நடக்க அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். தட்டு தாங்கும் பின் ⑭-க்கான துளைகளும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அவை ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையாக வரும். ⑫-க்கான துளையை அடையாளம் காண, பக்கத்தில் ⑪ நுழைகிற பெரிய துளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மேலே 2, நடுவில் 2, கீழே 2, அதற்கும் கீழே ⑥-க்காக 1. கழுத்து பலகையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். டிரில் மெஷினால் முறுக்கவே வேண்டாம், பார்ட்டிகிள் போர்டு உள்ளுக்குள் பொடிந்துவிடும்.

2. (படம் 2) ③, ④, ⑤ ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு ⑪, ⑥-இன் முனைக்கு ஒவ்வொரு ⑪ செருகுங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. பிறகு வட்டக் குழிகளில் ⑬-ஐ வையுங்கள். லாக்கின் முகத்தில் இருக்கிற சின்ன அம்பு, பலகையின் முனையைப் பார்த்திருக்க வேண்டும் (படம் 2-இன் ஓரத்தில் பெரிதாக்கிக் காட்டிய வட்டம்). திசை மாறினால் போல்ட்டின் தலை உள்ளே போகாது.

3. (படம் 3) ①-ஐத் தரையில் கிடத்தியபடி ③, ④, ⑤, ⑥-ஐ அதன் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். ③-இன் லாக் குழிகள் அலமாரியின் மேல்பக்கம் பார்க்க வேண்டும். ④, ⑤-இல் கீழ்ப்பக்கம், ⑥-இல் பின்பக்கம். பட்டை ஒட்டிய விளிம்புகள் எல்லாம் ஒரே பக்கம் வர வேண்டும், அதுதான் முன்பக்கம். ⑬-ஐக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திருப்புங்கள், சுமார் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும்.

4. (படம் 3, புள்ளிக்கோடு) ②-ஐ மேலிருந்து இறக்கி, எல்லா ⑪-உம் ⑫-உம் துளைக்கு நேரே வந்த பிறகு கையால் அழுத்துங்கள். மீதி 7 லாக்கையும் திருப்புங்கள்.
★ எல்லாவற்றையும் ஒருமுறை லேசாகப் பிடிக்கவிட்டு, இரண்டாம் முறை இறுக்குவது நல்லது.

5. (படம் 4) முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி இரண்டு பேராகப் புரட்டுங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ⑧-ஐ வையுங்கள். வித்தியாசம் இருந்தால் நீளம் அதிகமான மூலையைத் தள்ளிச் சரிசெய்யுங்கள். இரண்டு அட்டைகளும் ④-இன் நடுவில் சந்திக்க வேண்டும். வெள்ளைப் பக்கம் உள்ளே. ⑮-ஐ அட்டைக்கு 18 வீதம் அடியுங்கள்.
★ அலமாரி ஆடாமல் நிற்பதே இந்த அட்டையால்தான். கொஞ்சம் ஆணி போதும் என்று விட்டுவிட வேண்டாம்.

6. (படம் 4, கீழ் மூலை) ①, ②-இன் அடிமுனையில் இரண்டிரண்டு ⑯ அடியுங்கள்.

7. (படம் 5) அலமாரியை நிமிர்த்துங்கள். தனி ஆள் தூக்குவது போன்ற படத்துக்குப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் வேண்டும்.
★ மஞ்சக்குப்பம் வீட்டு ஹாலில் ஓதம் ஏறுகிற அந்த மேற்குச் சுவர் வேண்டாம், சித்தப்பா. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் ஈரம் இழுத்தால் பார்ட்டிகிள் போர்டு உப்பிவிடும், அப்புறம் பழைய நிலைக்கு வராது. படிக்கட்டு ஓரச் சுவர் காய்ந்தே இருக்கிறது, அங்கே வையுங்கள்.

8. (படம் 6) ⑰-ஐ ⑱-ஆல் ③-இன் மேல் பொருத்தி, சுவரில் துளை இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். அலமாரியை நகர்த்தித் துளைபோட்டு, பிளக்கை இறக்கி, திரும்ப வைத்து ⑲-ஐ முறுக்குங்கள்.
★ போட்டோவில் விரல் நிழல் விழுந்து இந்தப் படம் பாதிதான் தெரிகிறது. ஆனாலும் இரண்டு ⑰-உம் தெளிவாகவே இருக்கின்றன. குட்டிக்குத் தட்டில் கால் வைத்து ஏறுகிற வயது, அதனால் இந்தப் படியைத் தள்ளிப் போடாதீர்கள். டிரில் போடும் முன் அந்த இடத்துக்கு நேர் மேலேயோ கீழேயோ சுவிட்ச் போர்டு இருக்கிறதா என்று பாருங்கள், வயர் உள்ளே ஓடலாம். கடல் காற்றில் ⑲ துருப்பிடிக்கும். ஹார்டுவேர் கடையில் அதே அளவு எஸ்.எஸ். ஸ்க்ரூ கிடைத்தால் அதையே போடுங்கள்.

9. (படம் 6, வலப்பக்கம்) ஒரு தட்டுக்கு நான்கு ⑭ வீதம் ஒரே மட்டத்தில் செருகி ⑦-ஐ வையுங்கள். தட்டுக்கு 12 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று தாளில் போட்டிருக்கிறது.
★ சித்தியின் கெட்டி அட்டைப் புத்தகங்களை ⑤-இன் மேல் அடுக்குங்கள்.