பென்னாகரம் வட்டார மகளிர் குழுத் திட்டம்: கண்காணிப்பு, மதிப்பீட்டுச் சட்டகம் (ஏப்ரல் 2025 – மார்ச் 2028)

எதற்காக

சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தமிழ்நாடு அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். இங்கே குழு புதிதல்ல. அம்மா இருந்த குழுவில் இப்போது மகள் இருக்கிறாள். அதனால் "எத்தனை குழு தொடங்கினோம்" என்ற எண்ணை இந்தச் சட்டகத்தில் வைக்கவில்லை. இருக்கிற 60 குழுக்கள், 812 உறுப்பினர்கள், அவர்கள் கையில் பணம் எப்படிப் புரள்கிறது என்பதுதான் நாம் பார்ப்பது.

குறியீடுகள்

அடிப்படை நிலை 2025 ஜனவரி – பிப்ரவரியில் எடுத்தது. 1, 2, 3, 4 எல்லாக் குழுக்களுக்கும். 5, 6, 7 மாதிரிக்கு எடுத்த 30 குழுக்களின் 180 உறுப்பினர்களுக்கு மட்டும்.

| எண் | குறியீடு | அடிப்படை நிலை | 2028 இலக்கு | தரவு எங்கிருந்து | எப்போது |
|---|---|---|---|---|---|
| 1 | மாதம் 2 கூட்டம், 80% வருகை உள்ள குழுக்கள் | 27 | 50 | தீர்மானப் புத்தகம், சொல்லாமல் போய்ப் பார்ப்பது | மாதம் |
| 2 | கூட்டம் முடிந்த 7 நாளில் கணக்கு எழுதிய குழுக்கள் | 22 | 52 | ரொக்கப் புத்தகம், பேரேடு | மாதம் |
| 3 | ஓராண்டில் உள்கடன் பெற்ற உறுப்பினர்கள் | 341 (42%) | 570 | கடன் பேரேடு, தனிநபர் பாஸ்புக் | ஆறு மாதம் |
| 4 | தவணை தவறிய வங்கிக்கடனின் பங்கு | 6.8% | 4%-க்குள் | வங்கிக் கணக்கு விவரம் | மூன்று மாதம் |
| 5 | தவணை கட்ட வெளியே கடன் வாங்கியவர்கள் | 67 (37%) | 20%-க்குள் | வீட்டு நேர்காணல் | ஆண்டு |
| 6 | தொழில் வருமானத்தைத் தானே கையாளும் பெண்கள் | தொழில் கடன் வாங்கிய 94 பேரில் 31 (33%) | 55% | வீட்டு நேர்காணல், பால் அட்டை | ஆண்டு |
| 7 | ஓராண்டில் 2 கிராமசபைக்காவது போனவர்கள் | 58 (32%) | 50% | வீட்டு நேர்காணல் | ஆண்டு |

குறியீடு 4-ன் கணக்கு: 30 நாளுக்கு மேல் தவணை நின்ற கடன்களின் மீதித் தொகை ÷ மொத்தக் கடன் மீதி × 100. நின்ற தவணையை மட்டும் எடுக்கக் கூடாது, அந்தக் கடனின் முழு மீதியையும் எடுக்க வேண்டும்.

4-ஐயும் 5-ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும்

வங்கியைக் கேட்டால் மகளிர் குழுக்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்தப் பணத்தில் கட்டுகிறார்கள்? நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை, குழுத் தவணை, வட்டிக்காரர் என்று ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைப்பவர்கள் பத்தில் நான்கு பேருக்கு நெருக்கமாக இருக்கிறார்கள். 4 இறங்கி 5 ஏறினால் அதை முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுத வேண்டாம். ஓர் ஊராட்சியில் 5-ன் எண் 40%-ஐத் தாண்டினால், அங்கே கூடுதல் வங்கிக்கடனுக்குப் பரிந்துரைப்பதை அடுத்த கணக்கெடுப்பு வரை நிறுத்தி, உள்கடன் தொகையை உயர்த்துவது பற்றிக் கூட்டமைப்போடு பேச வேண்டும்.

கேள்வியும் நேராக இருக்கட்டும்: "போன மாதத் தவணைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?" மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இதற்குப் பதில் வராது. தனியாகக் கேட்க முடியாவிட்டால் இன்னொரு நாள் போகலாம். பதில்கள் குழுக் கூட்டத்திலோ வங்கியிலோ பெயரோடு பேசப்படாது என்று முதலிலேயே சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும்.

குறியீடு 6: பால் அட்டை

கறவை மாட்டுக்கென்று கடன் வாங்கிய பெண்ணிடம் "வருமானம் யார் கையில்?" என்றால் "ரெண்டு பேரும்தான்" என்பார். அதோடு விடாமல் சங்கத்தின் பால் அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும். அட்டை யார் பெயரில், பால் பணம் எந்த வங்கிக் கணக்கில் ஏறுகிறது, அந்த ஏ.டி.எம். அட்டை யாரிடம் என்ற மூன்றில் இரண்டு அவருடையதாக இருந்தால் மட்டுமே "ஆம்". மாடில்லாத தொழில்களுக்கு, கடைசியாகச் சரக்கு வாங்கியது யார், விலை பேசியது யார் என்று கேட்டால் போதும்.

கணக்கெடுக்கும் காலம்

கட்டட வேலைக்குப் பெங்களூரு போகும் குடும்பங்கள் பொங்கலுக்கு வந்து சில வாரம் ஊரில் இருக்கும். மே மாதம் எடுத்தால் மிஞ்சியவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். எனவே ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் முடிந்ததும் தொடங்கி பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டும். ஆடிப்பெருக்கு வாரத்தில் கூட்டம் தள்ளிப்போனால் குறியீடு 1-ல் குறையாகக் கொள்ள வேண்டாம்.

எல்லா எண்களையும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தனித்து வாழும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று பிரித்தும் எழுத வேண்டும். உள்கடன் 42% என்பது சராசரி. தனித்து வாழும் பெண்களில் அது 29% மட்டுமே.

பொறுப்பும் சரிபார்ப்பும்

மாதத் தரவை ஊக்குநர் தருவார், சமுதாய வளப் பயிற்றுநர் புத்தகத்தோடு ஒப்பிடுவார். வருகைக் கையெழுத்து எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் அந்த மாதம் அந்தக் குழுவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். திட்டவும் வேண்டாம், அடுத்த கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். நேர்காணல்களில் பத்தில் ஒன்றை, முதலில் கேட்டவர் அல்லாத வேறொருவர் திரும்பக் கேட்பார். இரண்டு பதில்களும் பொருந்தாதவை இருபது சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஊராட்சியில் முழுக்க மறுபடி எடுக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிவுகள் முதலில் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் வாசிக்கப்படும். அலுவலகத்துக்கு அறிக்கை அதற்குப் பிறகுதான் போகும். உறுப்பினர்கள் மறுத்த எண் இருந்தால், அவர்கள் சொன்ன காரணத்தோடு அப்படியே அறிக்கையில் இடம்பெறும்.