திருமணத்திற்குப் பிறகு பெயர் மாற்றக் கோரி விண்ணப்பம்

காரைக்குடி
18.8.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பணியாளர் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கணக்குப் பிரிவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் எனக்குத் திருமணம் நடந்தது. காரைக்குடி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டோம். இதுவரை மெ. வள்ளியம்மை என்றிருந்த என் பெயர் இனி வள்ளியம்மை சொக்கலிங்கம்.

மின்னஞ்சல், அடையாள அட்டை, சம்பளப் பட்டியல் மூன்றிலும் ஒரே எழுத்தில் இந்தப் பெயர் வர வேண்டும்: Valliammai Chockalingam. Chokkalingam என்று ck-க்குப் பதில் kk போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் இப்படியே மாற்றியிருக்கிறேன்.

சம்பளப் பட்டியல்தான் எனக்கு முக்கியம். பானில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர் என்றிருந்தால் வருமான வரிக் கணக்கு போடும்போது சிக்கல். வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலும் பழைய பெயரே இருக்கிறது. அதற்கான கூட்டு உறுதிமொழி விண்ணப்பத்தை நான் இணையத்தில் போட்டதும் நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்பட்டால், அதையும் கொடுத்து உதவுங்கள்.

பழைய மின்னஞ்சலை உடனே மூடிவிட வேண்டாம். மதுரை, திருச்சி வாடிக்கையாளர்கள் பலர் அதற்குத்தான் ரசீது கேட்டு எழுதுகிறார்கள். ஆறு மாதமாவது அதற்கு வருபவை புதிய முகவரிக்கு வந்துசேரட்டும்.

அப்புறம், பழைய அடையாள அட்டையைப் புதியது கிடைத்த அன்றே ஒப்படைத்துவிடுகிறேன். திருமணப் பதிவுச் சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தக முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். செப்டம்பர் சம்பளத்திலிருந்தே புதிய பெயர் வந்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
வள்ளியம்மை சொக்கலிங்கம்
(முன்பு மெ. வள்ளியம்மை)