பொருள்: ஏஐ டிடெக்டர் அறிக்கையும் இன்டர்னல் மதிப்பெண்ணும்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை இரண்டாம் இன்டர்னல் அசைன்மென்ட் திருத்தத் தொடங்குகிறோம். இனி டிடெக்டர் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து யாருக்கும் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கக் கூடாது.

போன முறை ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவிக்கு “82% ஏஐ” என்று வந்ததும் பூஜ்யம் போட்டுவிட்டோம். அப்புறம்தான் அவர் ரஃப் நோட்டைக் கொண்டுவந்தார். மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தார். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பத்து நாள் அவர் பட்ட வேதனை நம்மால் வந்தது.

அந்த 82 வெறும் கணிப்பு. கட்டுரையில் அவ்வளவு பங்கு ஏஐ எழுதியது என்று அர்த்தமில்லை. எளிய சொற்களில், சீரான வாக்கியங்களில் எழுதினாலே டிடெக்டர் தடுமாறும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த நம் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஓபன்ஏஐ நிறுவனமே துல்லியம் போதவில்லை என்று தன் டிடெக்டரை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது.

சந்தேகம் வந்தால் மாணவரைக் கூப்பிட்டுக் கட்டுரையைப் பற்றிப் பேசுங்கள். ரஃப் நோட்டு, கூகுள் டாக்ஸில் திருத்திய வரலாறு இருந்தால் பாருங்கள். இன்னொரு ஆசிரியரும் படித்து ஒப்புக்கொண்ட பிறகே, மதிப்பெண் குறைப்பதற்கான காரணத்தை எழுதி என்னிடம் கொடுங்கள். மாணவர் ஏழு நாளுக்குள் என்னிடம் முறையிடலாம்.

காப்பியைக் காட்டும் ஒற்றுமை அறிக்கை வேறு விஷயம். அதில் மூலத்தைத் திறந்து ஒப்பிட முடியும், பழையபடியே பயன்படுத்துங்கள்.

பெயர், பதிவெண்ணோடு எந்தக் கட்டுரையையும் இலவசத் தளங்களில் ஏற்ற வேண்டாம்.

துறைத்தலைவர்,
ஆங்கிலத் துறை, சேலம்